பரீட்சை மண்டபத்தில் முத்திரை அச்சம்

ஒரே நுழைவுத் தேர்வில் ஒரே அளவு மதிப்பெண் பெற்று, ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே வருஷம் சேர்ந்த இரண்டு மாணவர்கள், அதே ஆசிரியர்களிடம் அதே பாடங்களைப் பயின்ற பின்பும், அவர்களில் கறுப்பினத்தைச் சேர்ந்தவர் மட்டும் பின்தங்கிப் போவது ஏன் என்ற கேள்வி, 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்த கிளாட் ஸ்டீல் என்பவரை வாட்டத் தொடங்கிற்று. சிறுபான்மை மாணவர்களைச் சேர்ப்பதும் அவர்கள் இடையில் படிப்பைக் கைவிடாமல் காப்பதும் பற்றி ஆராய்ந்த ஒரு குழுவில் பணியாற்றியபோது அவர் இதனைக் கண்ணுற்றார். வறுமை, தாழ்ந்த தரமுள்ள பள்ளிக்கூடம், வீட்டில் புஸ்தகமில்லாமை என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் யாவும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணிலேயே பிரதிபலித்துவிட்டிருக்க வேண்டும். அந்த மதிப்பெண் சமமாயிருந்த பிறகும் வித்தியாசம் தலைகாட்டுமானால், மாணவனுடைய பூர்வ ஆயத்தத்தில் அல்லாமல், பல்கலைக்கழகத்தின் வகுப்பறையிலும் பரீட்சை அறையிலும் ஏதோ ஒன்று நடக்கிறது என்றுதான் அனுமானிக்க வேண்டியிருந்தது.

அந்த ஏதோ ஒன்றுக்கு ஸ்டீல் கொடுத்த விளக்கமே பின்னர் ஸ்டீரியோடைப் திரெட் என்று உலகப் பிரசித்தி அடைந்தது. இக்கட்டுரையில் அதனை முத்திரை அச்சம் என்று வழங்குவோம். ஒரு கூட்டத்தார் இன்ன விஷயத்தில் மந்தமானவர்கள் என்ற அபிப்பிராயம் சமூகத்தில் நிலவுகிறது. அக்கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர், தாம் அதனை நம்பாதபோதும், பிறர் அதனை அறிவார்கள் என்பதை அறிவார். அந்த விஷயத்திலேயே தம் திறமையை அளக்கும் கடினமான சோதனை ஒன்று எதிர்ப்படும்போது, தாம் தவறினால் அது தம் தவறாக மட்டும் நில்லாமல் தம் இனத்தாரைப் பற்றிய பழிச்சொல்லுக்கும் சாட்சியாகிவிடுமே என்ற கலக்கம், அவர் உணர்ந்தும் உணராமலும், உள்ளே புகுந்து காரியத்தைக் கெடுத்துவிடுகிறது. தன்னைத் தாழ்வாக எண்ணுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தாழ்வெண்ணம் எங்கு சென்றாலும் உடன் வருவது. முத்திரை அச்சமோ அந்த அறையிலும் அந்த வேளையிலும் மட்டும் பிறப்பது. ஆகையால் சூழ்நிலையைச் சிறிது மாற்றினால் அது மறைய வேண்டும். மறைகிறதா என்பதைச் சோதித்தும் பார்க்கலாம்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்கு மாறிய பின், ஜோஷுவா ஆரன்சன் என்பவருடன் சேர்ந்து ஸ்டீல் அதைத்தான் செய்தார். 1995இல் வெளியான அவர்களுடைய ஆராய்ச்சியே இத்துறை முழுவதற்கும் மூலம். கறுப்பின மாணவர்களையும் வெள்ளையின மாணவர்களையும் அழைத்து, மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வின் மொழிப் பகுதியிலிருந்து, முன்பு எழுதியவர்களில் சுமார் நூற்றுக்கு முப்பது பேரே சரியாக விடையளித்திருந்த கடினமான வினாக்களைப் பொறுக்கியெடுத்து, முப்பது நிமிஷத்தில் விடையளிக்கச் சொன்னார்கள். வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றே. முன்னுரையாகச் சொல்லப்பட்ட வாசகம் மட்டும் வேறு. ஒரு சாராரிடம், உங்களுடைய மொழித் திறமையின் பலத்தையும் பலவீனத்தையும் இது காட்டும் என்று சொல்லப்பட்டது. மற்றொரு சாராரிடம், மனிதர்கள் இத்தகைய புதிர்களை எவ்வாறு விடுவிக்கிறார்கள் என்று அறிவதே நோக்கம், உங்கள் திறமையை நாங்கள் அளக்கவில்லை என்று சொல்லப்பட்டது. திறமையை அளப்பதாகக் கேட்ட கறுப்பின மாணவர்கள், அவ்வாறு கேளாத கறுப்பின மாணவர்களைக் காட்டிலும் குறைவாக விடையளித்தார்கள். வெள்ளையின மாணவர்களிடத்திலோ அந்த வாசகம் குறிப்பிடத்தக்க மாறுதல் எதையும் உண்டாக்கவில்லை. நேர்மையாகச் சொல்வதானால், முதற் சோதனையில், இரு இனத்தாரிடமும் அந்த வாசகம் வெவ்வேறு விதமாக வேலை செய்தது என்ற முடிவு, புள்ளியியல் கேட்கும் அளவுக்கு உறுதியாக நிற்கவில்லை. அதற்காகவே அவர்கள் சோதனையை மாற்றி மாற்றி மேலும் மூன்று தரம் நடத்தினார்கள்.

நான்கு சோதனைகளுள் மூன்றாவது, என் அபிப்பிராயத்தில், முதலாவதைவிட மனத்தைத் தொடுவது. அதில் பரீட்சை நடக்கவேயில்லை. பரீட்சை நடக்கப்போகிறது என்ற பேச்சு மட்டுமே. காத்திருக்கும் வேளையில் மாணவர்களிடம், சில எழுத்துக்கள் விடுபட்ட எண்பது சொற்களைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அவற்றில் சில, சாதாரணமான ஒரு சொல்லாகவும் நிரப்பத்தக்கவை. இனம், கறுப்பு, சோம்பல், அவமானம், மூடன் என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்களாகவும் நிரப்பத்தக்கவை. உங்கள் திறமையை அளக்கப்போகிறோம் என்று கேட்ட கறுப்பின மாணவர்களுடைய பேனாவிலிருந்துதான் அந்த இரண்டாம் வகைச் சொற்கள் மிகுதியாக வந்தன. அதே தாளில், கூடைப்பந்தும் சில வகைச் சங்கீதமும் உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்ற கேள்விகள் இருந்தன. கறுப்பினத்தாருக்கு உரியவை என்று ஊரார் கருதும் அந்த விருப்பங்களிலிருந்தும் அவர்கள் விலகி நின்றார்கள். இறுதியில், விரும்பினால் உங்கள் இனத்தைக் குறிக்கலாம் என்ற ஓரிடம். திறமையை அளக்கவில்லை என்று கேட்ட கறுப்பின மாணவர் அனைவரும் அதனைக் குறித்தார்கள். அளக்கப்போகிறோம் என்று கேட்டவர்களில் நாலில் ஒரு பங்கினரே குறித்தார்கள். நான்காவது சோதனை இதைத் தலைகீழாக்கிப் பார்த்தது. திறமையை அளப்பதாக ஒன்றும் சொல்லாமல், வினாத்தாளுக்கு முன்னே இனத்தை மட்டும் எழுதச் சொன்னபோது, அந்த ஒரு வரியே கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்ணைத் தாழ்த்தப் போதுமானதாயிருந்தது.

இங்கே ஒரு தடங்கலை விளக்கிவிட்டு மேலே செல்வது அவசியம். ஏனெனில் இத்துறையைப் பற்றி எழுதியவர்களில் மிகப் பலர் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். ஸ்டீலும் ஆரன்சனும் வெளியிட்ட சித்திரத்தில், அச்சம் நீக்கப்பட்ட நிலையில் இரு இனத்தாரின் மதிப்பெண்ணும் ஏறக்குறையச் சமமாகத் தோன்றும். அதைக் கண்ட பத்திரிகைகளும் பாடப்புத்தகங்களும், அச்சத்தை நீக்கினால் இனங்களுக்கிடையேயுள்ள மதிப்பெண் வித்தியாசமே மறைந்துவிடும் என்று எழுதிவிட்டன. ஆனால் அந்தச் சித்திரத்திலுள்ளவை நேரான மதிப்பெண்கள் அல்ல. ஒவ்வொருவரும் முன்னரே எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு சரிக்கட்டப்பட்டவை. ஓர் உதாரணமாக, இரு குழுவினருக்கும் நுழைவுத் தேர்வில் முன்பே இருந்த வித்தியாசத்தை வைத்து, புதிய வினாத்தாளில் மூன்று வினா அளவு வித்தியாசம் எதிர்பார்க்கலாம் என்று கொள்வோம். அச்சமற்ற நிலையில் உண்மையாக மூன்று வினா வித்தியாசமே இருந்தால், சரிக்கட்டிய பின் அது பூஜ்யமாகி, இரண்டு கோடுகளும் ஒரே உயரமாக நிற்கும். அச்சமுள்ள நிலையில் ஆறு வினா வித்தியாசம் இருந்தால், சரிக்கட்டிய பின் மூன்றாகத் தோன்றும். ஆகவே அந்த ஆராய்ச்சி காட்டியது, பழைய வித்தியாசத்தின்மேல் அச்சம் இன்னொரு வித்தியாசத்தை ஏற்றுகிறது என்பதே. பழைய வித்தியாசத்துக்கும் அச்சமே காரணம் என்பதல்ல. பால் சாக்கெட் என்பவரும் அவருடன் பணிபுரிந்தோரும் 2004இல் இதனை எடுத்துக்காட்டி, பிரசித்தமான விவரணைகளில் பெரும்பாலானவை தவறாகவே எழுதப்பட்டிருப்பதை நிறுவினார்கள். சமூகத்தின் ஆழத்தில் வேரூன்றிய ஏற்றத்தாழ்வைப் பரீட்சைத் தாளின் முகப்பு வாசகத்தை மாற்றித் தீர்த்துவிடலாம் என்ற ஆசை எவ்வளவு இனிமையானது என்பதற்கு அந்தப் பிழையே சான்று.

அச்சம் என்பது மனத்துக்குள் என்னதான் செய்கிறது? சோம்பலை உண்டாக்குவதில்லை என்பது முதலிலேயே தெரிந்துவிட்டது. ஸ்டீலின் மாணவர்கள் குறைவாக உழைக்கவில்லை, ஒவ்வொரு வினாவிலும் அதிக நேரம் தங்கி, குறைவான வினாக்களையே முடித்தார்கள். 2008இல் டோனி ஷ்மேடர் முதலியோர் வகுத்த விளக்கம் இது: உடலின் படபடப்பு ஒன்று, தான் எவ்வாறு செய்கிறோம் என்று தன்னையே கண்காணிக்கும் வேலை ஒன்று, எழும் சந்தேகத்தை அழுத்தி வைக்கும் முயற்சி ஒன்று. இம்மூன்றும், கணக்கின் நடுவே எண்களையும் படிகளையும் சிறிது நேரம் ஏந்தி வைத்திருக்கும் அந்தக் குறுகிய நினைவிடத்தையே பங்கு கேட்கின்றன.

இதனை ஸியன் பைலாக்கும் அவருடைய சகாக்களும் 2007இல் மிகவும் நேர்த்தியாகச் சோதித்தார்கள். கணிதத்தில் பெண்கள் பின்தங்கியவர்கள் என்ற முத்திரையை எடுத்துக்கொண்டு, கல்லூரிப் பெண்களிடம் ஒரு வகைக் கணக்கைக் கொடுத்தார்கள். 51 ≡ 19 (mod 4) என்று திரையில் தோன்றும். 51இலிருந்து 19ஐக் கழித்து, மிச்சத்தை 4ஆல் வகுத்து, மீதியின்றி வகுபட்டால் சரி என்றும், இல்லாவிட்டால் தவறு என்றும் சொல்ல வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்பது போகாது. பக்கத்திலுள்ள ஐந்திலிருந்து கடன் வாங்கி, பதினொன்றிலிருந்து ஒன்பது போக இரண்டு, நாலிலிருந்து ஒன்று போக மூன்று, ஆக 32. அது நாலால் வகுபடும், ஆகவே சரி. எழுதாமல் மனத்திலேயே செய்யும்போது, கடன் வாங்கியதையும் இடைவிடையையும் வாய்க்குள் முணுமுணுத்தபடி பிடித்து வைத்திருக்க வேண்டும். கடன் வாங்க வேண்டாத சிறிய எண்களில் அச்சம் ஒன்றும் செய்யவில்லை. கடன் வாங்க வேண்டியவற்றில், எண்களைப் பக்கவாட்டில் ஒரே வரியாக எழுதியபோது அச்சுறுத்தப்பட்ட பெண்கள் தவறினார்கள். அதே எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, பள்ளிக்கூடத்தில் பலகையில் எழுதுவதுபோல் அடுக்கிக் காட்டியபோது தவறவில்லை. பக்கவாட்டில் எழுதிய கணக்கை மனம் சொற்களால் ஏந்துகிறது. அடுக்கி எழுதியதைக் கண்ணால் பார்ப்பதுபோல் ஏந்துகிறது. கவலையும் சந்தேகமும் சொற்களாகவே ஓடுவதால், முன்னதற்குரிய இடத்தைத்தான் அவை பிடுங்கிக்கொள்கின்றன என்பது ஆராய்ச்சியாளரின் முடிவு. குறிப்பிட்ட கணக்குகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, கண்டவுடன் விடை நினைவுக்கு வரும்படி ஆக்கிவிட்டபோது, அந்தக் கணக்குகளில் அச்சத்தின் விளைவு காணப்படவில்லை.

இந்தியாவில் நடந்த ஒரு சோதனையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏனெனில், அச்சம் என்று நாம் எண்ணுவது சில இடங்களில் வேறொன்றாக இருக்கலாம் என்பதை அது காட்டுகிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் பொருளியலாளர் இருவர், உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களை ஆறாறு பேராக உட்காரவைத்து, வழிபிரியும் சந்துகளுள்ள புதிர்ப் படங்களைக் கொடுத்து, முடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் என்று சொன்னார்கள். உயர்த்தப்பட்ட ஜாதியார் மூவரும் தாழ்த்தப்பட்ட ஜாதியார் மூவருமாக இருந்த கூட்டத்தில், யார் எந்த ஜாதி என்று சொல்லப்படாதபோது இருவகையாரும் சமமாகவே செய்தார்கள். ஒவ்வொரு சிறுவனுடைய பெயர், ஊர், தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர், ஜாதி ஆகியவற்றை அனைவர் காதிலும் விழும்படி வாசித்து, ஆமெனத் தலையசைக்கச் சொன்னபோது, தாழ்த்தப்பட்ட ஜாதிச் சிறுவர்கள் வெகுவாகப் பின்தங்கினார்கள். ஆனால் பரிசு பெறுபவரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்போம் என்று விதியை மாற்றியதும் அந்த இடைவெளி மறைந்தது. மனிதர் தீர்ப்பளிக்கும் இடத்தில் தமக்கு நியாயம் கிடைக்காது என்று அச்சிறுவர்கள் எதிர்பார்த்தார்கள் என்றும், தீர்ப்பு குருட்டு அதிர்ஷ்டத்தின் கையில் போனதும் அந்த அவநம்பிக்கைக்கு இடமில்லாமற் போயிற்று என்றும் ஆராய்ச்சியாளர் கருதினர். நினைவிடம் கலங்குவது வேறு. என்ன செய்தும் கூலி வராது என்று கை தளர்வது வேறு. மதிப்பெண் தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். முன்னதில் மாணவன் ஒரு வினாவிலேயே மாட்டிக்கொண்டு போராடுவான். பின்னதில் முயற்சியே குறையும். ஒவ்வொரு வினாவுக்கும் எவ்வளவு நேரம் செலவாயிற்று என்பதைக் கவனித்தாலன்றி, இன்னது நேர்ந்தது என்று பிரித்தறிய இயலாது.

இனி, இந்தக் கொள்கையின்மேல் விழுந்த அடிகளைப் பார்ப்போம். ஆதிச் சோதனைகள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது பேரைக் கொண்டவை. அவ்வளவு சிறிய கூட்டத்தில் தற்செயலாலேயே பெரிய வித்தியாசங்கள் தோன்றக்கூடும். தோன்றியவை பத்திரிகையில் அச்சாகும், தோன்றாதவை மேஜை இழுப்பறையிலேயே தங்கிவிடும். இவ்வாறு வெற்றிகள் மட்டும் வெளிவந்திருந்தால், சிறிய ஆராய்ச்சிகள் பெரிய விளைவையும் பெரிய ஆராய்ச்சிகள் சிறிய விளைவையும் காட்டிக்கொண்டு நிற்கும். அதுவே கண்டுபிடிப்பதற்கான அடையாளம். பௌலெட் ஃப்ளோரே, யெல்டே விக்கெர்ட்ஸ் ஆகியோர் பள்ளிச் சிறுமியரின் கணிதத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது அந்த அடையாளம் தென்பட்டது. அதனோடு நில்லாமல், என்ன செய்யப்போகிறோம், எதை எப்படிக் கணக்கிடப்போகிறோம் என்பதையெல்லாம் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, நெதர்லாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவரைக் கொண்டு அவர்கள் பெருஞ்சோதனை ஒன்றை நடத்தி 2018இல் வெளியிட்டார்கள். சிறுமியரிடம் முத்திரை அச்சத்தின் விளைவு காணப்படவில்லை. 2019இல் சாக்கெட் முதலியோர், உண்மையான தேர்வின் நிலைமையை ஒத்த ஆராய்ச்சிகளை மட்டும் பிரித்தெடுத்து நோக்கியபோது எஞ்சிய விளைவு, மதிப்பெண்களின் திட்ட விலக்கம் நூறாக உள்ள தேர்வானால் அதில் பதினான்கு மதிப்பெண்ணுக்குச் சமம். வெளிவராத ஆராய்ச்சிகளை எண்ணிச் சரிக்கட்டினால் அதுவும் குறைந்தது.

ஆனால் ஆராய்ச்சிச் சாலையை விட்டு மெய்யான பரீட்சைக்குள்ளேயே ஒருவர் நுழைந்து பார்க்க முடியுமா? ஒருமுறை முடிந்தது. அமெரிக்கத் தேர்வு நிறுவனமான எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸைச் சேர்ந்த லாரன்ஸ் ஸ்ட்ரிக்கரும் வில்லியம் வார்டும், உயர்நிலைப் பள்ளி மாணவர் கல்லூரிச் சலுகைக்காக எழுதும் நுண்கணிதத் தேர்வில், இனத்தையும் பாலையும் கேட்கும் படிவத்தைச் சிலருக்கு வழக்கம்போல் தேர்வுக்கு முன்னும், சிலருக்குத் தேர்வு முடிந்த பின்னும் கொடுத்தார்கள். 2004இல் வெளியான அவர்களுடைய முடிவு, கவனிக்கத்தக்க வித்தியாசம் இல்லை என்பது. 2008இல் கெல்லி டேனஹர், கிறிஸ்டியன் கிராண்டால் என்பவர்கள் அதே எண்களை எடுத்துவைத்து, ஸ்ட்ரிக்கர் மிகவும் கடுமையான உரைகல்லை வைத்துச் சிறிய வித்தியாசத்தைத் தள்ளிவிட்டார் என்றும், படிவத்தைப் பின்னால் தள்ளினால் வருஷந்தோறும் 4,700க்கும் மேற்பட்ட பெண்கள் கூடுதலாகத் தேறுவார்கள் என்றும் வாதித்தார்கள். ஸ்ட்ரிக்கரும் வார்டும் அதனை மறுத்தார்கள். ஒரே எண்களிலிருந்து ஒன்றுமில்லை என்றும் ஆயிரக்கணக்கான பெண்களின் எதிர்காலம் என்றும் இருவர் படிக்க முடிந்ததென்றால், அந்த எண்கள் அந்தக் கேள்விக்கு விடைசொல்லும் அளவுக்குப் பலமுள்ளவை அல்ல என்றே நான் கொள்கிறேன். ஆயினும், படிவத்தைப் பின்னே வைப்பதில் எவருக்கும் ஒரு காசும் நஷ்டமில்லையாகையால், அதை மாற்றுவதற்கு அவ்வளவு பெரிய நிரூபணம் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்தத் தகராறில் ஸ்டீலின் பக்கத்தார் சொல்லும் ஒரு மறுமொழி மட்டும் இன்னும் தள்ளப்படாமல் நிற்கிறது. ஸ்டான்போர்டு அறையில் அச்சம் நீங்கியது, உன் திறமையை அளக்கவில்லை என்று ஒருவரிடம் சொல்ல முடிந்ததனாலேயே. எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் தேர்வை எழுத வந்தவளிடம் அப்படிச் சொல்ல எந்த அதிகாரிக்கும் வாயில்லை. படிவம் முன்னே இருந்தாலும் பின்னே இருந்தாலும், தன்னை அளக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் மெய்யான பரீட்சையில் ஒப்பிடப்பட்ட இரு சாராரும் அச்சத்துக்குள்ளேயே இருந்தவர்கள். அவர்களுக்கிடையே வித்தியாசம் காணாததால் அச்சமே இல்லை என்று ஆகாது. மறுமொழி தர்க்கத்துக்குப் பொருந்தியதே. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு: உண்மைப் பரீட்சையில் எந்த ஒப்பீட்டாலும் பொய்யாக்க முடியாத இடத்துக்குக் கொள்கையைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், அது உண்மையென்று காட்டவும் அங்கே வழியில்லாமற் போகிறது. அந்நிலையில் பரிசோதிக்கத்தக்கதாக எஞ்சுவது பைலாக் காட்டிய வழி. பரீட்சைக்கு மாதங்களுக்கு முன்பே, நெடுநேரம் மனத்தில் ஏந்தவேண்டிய இடைப்படிகளை ஒரு வகுப்பில் கைவந்த வித்தையாகும்வரை பயிற்றி, மற்றொரு வகுப்பில் வழக்கம்போல் விட்டு, முத்திரை சுமக்கும் மாணவர்கள் அந்தப் படிகளுள்ள வினாக்களில் மட்டும் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறுகிறார்களா என்று பார்க்கலாம். அந்த ஒப்பீட்டை நடத்த எவரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை.